ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த படம்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட ஒரு படத்தை எடுத்து, அதன்மேல் ஒரு இதயத்தை ஒட்டி, வாழ்த்து எழுதுகிறோம். 'அனுப்பு' பொத்தானைத் தொடும்வரை இதயம் வேறு, படம் வேறு. விரலால் நகர்த்தலாம், பெரிதாக்கலாம், வேண்டாமென்றால் நீக்கிவிடலாம். அனுப்பிய பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். இதயம் இருந்த இடத்தில் சிவப்பு நிறப் புள்ளிகள் மட்டுமே கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதற்கு அடியில் இருந்த சேலையோ சுவரோ அந்தக் கோப்பில் எங்கும் ஒளிந்திருப்பதில்லை. படம் புதுப்பிக்கும் வேலைக்காக என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர், ஸ்டிக்கரை உரித்தால் பழைய படம் அடியில் இருக்கும் என்று நம்பித்தான் வருகிறார்கள். அப்படி இல்லை என்பதை முதலில் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லா மறைப்பும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றின் அடியில் உண்மையான படம் இன்னும் இருக்கிறது, கணக்குப் போட்டு வெளியே எடுத்துவிடலாம். சிலவற்றில் அது இல்லை, ஆனால் பக்கத்தில் உள்ளதைப் பார்த்து நம்பகமாக நிரப்பலாம். இன்னும் சிலவற்றில் நிரப்பவே கூடாது. இந்த மூன்றும் ஒரே படத்தில் சேர்ந்து வந்த ஒரு வேலையை இங்கே விவரிக்கிறேன்.

ஒரு குடும்பத்தில் தாத்தா பாட்டிக்கு எண்பதாம் கல்யாணம் நடந்தபோது, அவர்களுடைய பழைய படம் ஒன்றைப் போனில் படமெடுத்து, அலங்கரித்து, உறவினர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். பிறகு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததில் ஆல்பமே போய்விட்டது. படமெடுத்த போனும் கைமாறிவிட்டது. மிஞ்சியது உறவினர் ஒருவர் சேமித்து வைத்திருந்த அலங்காரப் படம் மட்டும்.

இப்படி ஒரு படம் வந்தால் அழிப்பானைத் தொடுவதற்கு முன்பு நான் கேட்கிற கேள்வி, எழுத்தில்லாத படம் வேறு எங்காவது இருக்கிறதா என்பதுதான். ஐபோனின் போட்டோஸ் செயலியிலேயே எழுதிக் கிறுக்கியிருந்தால், Edit-க்குள் போய் Revert தொட்டாலே பழைய படம் திரும்பிவிடும், ஏனென்றால் அந்தச் செயலி மூலப்படத்தையும் வைத்திருக்கிறது. கூகுள் போட்டோஸிலும் இதற்கு வழி உண்டு. வாட்ஸ்அப்புக்குள் அலங்கரித்திருந்தால், அலங்கரிக்காத படம் பெரும்பாலும் அனுப்பியவர் போனின் கேமரா கோப்புறையிலேயே கிடக்கும். இந்தக் குடும்பத்தில் இந்த வழிகள் எல்லாமே அடைபட்டிருந்தன. அதனால்தான் வேலை தொடங்கியது.

படம் அகலவாக்கில் 1600 பிக்சல். திண்ணையில் தாத்தாவும் பாட்டியும் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். சுவரின் மேல் பகுதியில் கறுப்பு ஓரம் வைத்த மஞ்சள் எழுத்தில் வாழ்த்து. பாட்டியின் இடது தோளில், பட்டுச்சேலையின் கரைமேல், ஒரு சிவப்பு இதயம். படத்தின் அடிப்பாகம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போல ஒரு பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் நாளும் மண்டபத்தின் பெயரும். வலது ஓரத்தில் தூணைப் பிடித்தபடி நிற்கும் ஒரு சின்னப் பையனின் முகத்தில் சிரிக்கும் எமோஜி.

முதலில் அடிப்பட்டையை எடுத்தேன், ஏனென்றால் அதுதான் பொய் சொல்லாத பகுதி. பட்டை முழுக் கறுப்பு இல்லை. திண்ணைப் படியும் சேலையின் கீழ்மடிப்பும் அதற்குள் மங்கலாகத் தெரிந்தன. ஒரு புள்ளியின் வெளிச்சத்தைக் கணினி 0 முதல் 255 வரையான எண்ணாக வைத்திருக்கிறது. பட்டையின் மேல் விளிம்பை ஒட்டி, அதற்கு வெளியே படியின் எண் 160 இருந்தது. அதே படி பட்டைக்குள் நுழைந்ததும் 64. சேலையில் வெளியே 110, உள்ளே 44. இரண்டு இடத்திலும் உள்ளே இருப்பது வெளியே இருப்பதில் சரியாக நாற்பது சதவீதம். அப்படியானால் செயலி 60 சதவீதக் கறுப்பைப் பூசியிருக்கிறது, மீதி 40 சதவீதம் அசல் படம். பட்டைக்குள் உள்ள ஒவ்வொரு எண்ணையும் இரண்டரையால் பெருக்கினால் அசல் திரும்ப வேண்டும்.

கிம்ப் என்ற இலவச மென்பொருளில் இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. பட்டையை மட்டும் தேர்ந்துகொண்டு, Levels பெட்டியில் வெள்ளை எல்லையை 255-இலிருந்து 102-க்கு இறக்கினேன். 255-இல் நாற்பது சதவீதம் 102. படியின் விளிம்பு, தாத்தாவின் பாதம், சேலையின் மடிப்பு எல்லாம் இருட்டிலிருந்து எழுந்து வந்தன. இது ஊகமில்லை. அந்தப் பாதம் அந்த நாளில் கேமரா பார்த்த பாதமேதான்.

இந்தக் கணக்குக்கும் விலை உண்டு. 256 படிநிலைகளில் இருந்திருக்க வேண்டிய வெளிச்சம் 103 படிநிலைகளுக்குள் நசுங்கிக் கிடந்தது. அதை இழுத்து நீட்டும்போது இடையிடையே வெற்றிடம் விழும். படம் அனுப்பப்படும்போது சுருக்கப்பட்டதால் ஏற்பட்ட சின்னப் பிழைகளும் இரண்டரை மடங்கு பெரிதாகும். நிழலான இடங்களில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது இதனால்தான். இலேசாக மென்மைப்படுத்தினேன், அதற்கு மேல் தொடவில்லை. பட்டை 90 சதவீதக் கறுப்பாக இருந்திருந்தால் பத்தால் பெருக்க வேண்டியிருக்கும். அப்போது பிழைதான் கண்ணுக்குத் தெரியும், படம் தெரியாது. முழுக் கறுப்பாக இருந்தால் பெருக்குவதற்கே ஒன்றும் இல்லை.

இதே கணக்கு வேறொரு இடத்தில் ஆபத்தாகும் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பலர் ஆதார் அட்டையையோ வங்கிப் புத்தகத்தையோ படமெடுத்து, போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் எண்ணின்மேல் கறுப்பாக இரண்டு மூன்று முறை தேய்த்துவிட்டு அனுப்புகிறார்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் அந்தப் பேனா ஊடுருவிக் காட்டும் வகை. வெளிச்சத்தை ஏற்றினால் எண் எழுந்து வரக்கூடும். மறைக்க வேண்டியதை முழுதாக அடைத்த கட்டத்தால் மறையுங்கள்.

பட்டை போனதும் அதிலிருந்த வெள்ளை எழுத்துகள் மிஞ்சின. அவை ஊடுருவிக் காட்டாத எழுத்துகள். சுவரிலிருந்த மஞ்சள் எழுத்துகளும் அப்படியே. இங்கிருந்து வேலையின் தன்மை மாறுகிறது. இனி வருவது அசல் இல்லை, அசல் எப்படி இருந்திருக்கும் என்ற ஊகம்.

கணினியில் இந்த ஊகத்தை ஒரு முறையாக வகுத்தவர்களில் முன்னோடிகள் மார்சேலோ பெர்டல்மியோ, கில்லெர்மோ சபிரோ, விசென்ட் காசெல்லெஸ், கொலோமா பாலெஸ்டர் ஆகிய நால்வர். 2000-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் காட்டிய உதாரணங்களில் ஒன்று, எழுத்தால் நிரம்பிய ஒரு படத்திலிருந்து எழுத்தை நீக்குவது. ஓவியங்களைப் பழுதுபார்ப்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதைத்தான் அவர்கள் கணக்காக்கினார்கள். ஓட்டையின் விளிம்பில் வந்து முட்டும் கோடுகளை உள்ளே நீட்டி, நிறத்தை வெளியிலிருந்து உள்நோக்கிப் பரவவிடுவது அந்த முறை. எழுத்தின் கோடு மெல்லியது என்பதால் இது அழகாக வேலை செய்யும். ஐந்து பிக்சல் அகலக் கோட்டை இருபுறத்திலிருந்தும் நிரப்பினால் தவறு செய்ய இடமே குறைவு. ஓட்டை பெரிதாகப் பெரிதாக உள்ளே மெழுகிவிட்டது போல மங்கலாகும். பிறகு வந்தவர்கள் நிறத்தைப் பரப்புவதற்குப் பதிலாக, படத்தின் வேறு இடத்திலிருந்து ஒத்த துண்டுகளை வெட்டி ஒட்டினார்கள். 2010-இல் போட்டோஷாப்பில் வந்த நிரப்பும் வசதி அந்த வழியைச் சேர்ந்தது. இப்போது போன்களில் இருக்கும் அழிப்பான்கள் ஏராளமான படங்களைப் பார்த்துப் பழக்கப்பட்டவை.

எந்த முறையானாலும் முடிவைத் தீர்மானிப்பது மாஸ்க்தான். எங்கெங்கே நிரப்ப வேண்டும் என்று நாம் வெள்ளையால் வரைந்து காட்டும் வரைபடம் அது. புதியவர்கள் எழுத்தின் மஞ்சளை மட்டும் துல்லியமாகத் தேர்ந்துவிட்டு நிரப்பச் சொல்வார்கள். எழுத்து போய்விடும், ஆனால் அதன் ஆவி அங்கேயே நிற்கும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் சுவரில் வாழ்த்து இன்னும் படிக்கக் கிடைக்கும்.

காரணம் ஜேபெக். படத்தைச் சுருக்கும்போது அது எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு கட்டத்துக்குள் எழுத்தின் கூரிய விளிம்பு விழுந்தால், அந்தக் கட்டம் முழுவதும் அலை அலையாகக் கறை படியும். நிறத்தைப் பெரும்பாலும் இன்னும் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கிறது. ஆகவே மஞ்சள் பதினாறுக்குப் பதினாறு பிக்சல் பரப்புவரை சுவரில் கசிந்திருக்கும். நிரப்பும் மென்பொருள் எழுத்தை ஒட்டியுள்ள புள்ளிகளைத்தான் நம்பி எடுக்கிறது. அந்தப் புள்ளிகளே கறைபட்டிருந்தால் கறையைத்தான் உள்ளே பரப்பும். அதனால் எழுத்தின் கறுப்பு ஓரம், அதன் நிழல் எல்லாவற்றையும் சேர்த்து, அதற்கும் வெளியே எட்டுப் பிக்சலாவது மாஸ்க்கை விரித்தேன். கீழே பட்டையில் இருந்த வெள்ளை எழுத்துகளுக்கு இன்னும் அகலமாக விரித்தேன், ஏனென்றால் அங்கே கறையையும் சேர்த்து இரண்டரை மடங்கு பெருக்கியிருந்தோம். விரிப்பதால் நல்ல சுவரும் கொஞ்சம் பறிபோகிறது, உண்மைதான். ஆனாலும் சுவரில் பத்துப் பிக்சல் கூடுதலாக ஊகிப்பது, ஆவியோடு விடுவதைவிட மேல்.

சுவர் சுத்தமாக நிரம்பியது. சுண்ணாம்புச் சுவரின் ஒவ்வொரு திட்டும் அசலில் எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை, யாரும் தேடப் போவதுமில்லை. நிரப்பிய பகுதி மட்டும் அளவுக்கு மீறி வழவழவென்று இருந்தது. பழைய பிரிண்டின் மணல்மணலான துகள் அதில் இல்லை. சுற்றியுள்ள அளவுக்கு அங்கேயும் துகள் சேர்த்தபிறகுதான் கண் அதைக் கடந்து போனது.

இதயம் அவ்வளவு எளிதில் விடவில்லை. அதன் அகலம் 130 பிக்சல். அடியில் இருந்தது காஞ்சிபுரம் பட்டின் கோபுரக் கரை. உடலின் நிறமும் கரையின் நிறமும் முக்கோண முக்கோணமாகக் கோத்துக்கொள்ளும் கரை அது. போன் அழிப்பானிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நொடியில் நிரப்பிவிட்டது, சட்டென்று பார்த்தால் குறையும் தெரியவில்லை. மூன்று மடங்கு பெரிதாக்கி முக்கோணங்களை எண்ணினேன். இதயத்துக்கு மேலும் கீழும் ஒரு முக்கோணத்தின் நுனியிலிருந்து அடுத்ததன் நுனி 40 பிக்சல் தூரத்தில் இருந்தது. அப்படியானால் இதயத்துக்கு அடியில் மூன்று முக்கோணம் முழுதாக இருக்க வேண்டும். அழிப்பான் இரண்டுதான் போட்டிருந்தது, அவற்றில் ஒன்று நுனி மழுங்கி ஜரிகையோடு கலந்திருந்தது. எந்தத் தறியிலும் அப்படி ஒரு கரை விழாது. சேலை கட்டுகிறவர்கள் முதல் பார்வையிலேயே ஏதோ சரியில்லை என்பார்கள், எது என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

இந்த மாதிரி இடத்தில் கையால் செய்வதுதான் எனக்குத் திருப்தி. அதே சேலையின் கரை மடிமேலும் நேராக ஓடியது. அங்கிருந்து மூன்று முக்கோணம் அடங்கிய துண்டை நகலெடுத்து, தோளின் சரிவுக்கு ஏற்பத் திருப்பி, மேல் முனையும் கீழ் முனையும் பழைய கரையோடு பொருந்தும்படி வைத்தேன். கோட்டை முதலில் சேர்த்துவிட வேண்டும், பரப்பைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். மடியில் வெளிச்சம் அதிகம், தோளில் குறைவு. அதனால் நகலை அப்படியே ஒட்டாமல், சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு இணங்க வைக்கும் Heal கருவியால் விளிம்புகளைச் சேர்த்தேன். அந்தக் கருவி விளிம்பின் நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், இதயத்தின் சிவப்புக் கறையை முன்பே அகலமாக வெட்டி எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜரிகை ரோஜா நிறத்தில் வந்து நிற்கும். இதுவும் ஊகம்தான். ஆனால் அதே சேலையின் அதே கரையிலிருந்து எடுத்த ஊகம், எண்ணிக்கையும் இடைவெளியும் சரிபார்த்த ஊகம்.

பையனின் முகத்துக்கு வந்தபோது, படத்தைக் கொண்டுவந்த பெண் கேட்டார்: "அண்ணா, இப்பதான் ஏஐ எல்லாம் வந்துருச்சே, முகத்தையும் கொண்டு வந்துரலாம்ல?"

ஒரு முகம் வரும். அதில் சந்தேகமே இல்லை. கழுத்தின் நிறம், தோளின் உயரம், வெளிச்சம் வரும் திசை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற, ஆறு வயதுப் பையனின் தெளிவான முகம் ஒன்றை அந்த மென்பொருள்கள் செய்து தரும். மறுபடி அழுத்தினால் இன்னொரு முகம் தரும். இரண்டும் அந்தப் பையனுடையவை அல்ல. எமோஜிக்கு அடியில் இருந்த மூக்கைப் பற்றிய எந்தத் தகவலும் கோப்பில் இல்லை. கழுத்தைப் பார்த்து மூக்கைக் கணக்கிட முடியாது. 2020-இல் பல்ஸ் என்ற ஆய்வு மென்பொருளில், பராக் ஒபாமாவின் முகத்தைக் கட்டம் கட்டமாக மங்கலாக்கிக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தெளிவாக வரைந்து தந்தது. அங்கே மங்கலாகவாவது ஒரு முகம் இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

சுவரில் ஒரு திட்டு இடம் மாறினால் யாருக்கும் கேடில்லை. முகம் அப்படியல்ல. இல்லாத ஒரு பையன் குடும்பப் படத்துக்குள் வந்து நின்றால், இருபது வருடம் கழித்துப் பார்க்கும் பிள்ளைகள் அவனைத்தான் சித்தப்பா என்று காட்டுவார்கள். அதோடு, எமோஜியை யாரோ காரணத்தோடுதான் ஒட்டியிருக்கிறார்கள். குழந்தையின் முகம் ஊர் முழுக்கப் போக வேண்டாம் என்று பெற்றோர் மறைப்பது இப்போது வழக்கம். அதை நீக்கச் சொல்கிறவர் அவர்தானா என்று தெரியாமல் நான் கை வைப்பதில்லை. இங்கே விசாரித்ததில், அந்தப் பையன் இப்போது வேலைக்குப் போகிற ஆள். அன்று அழுதுகொண்டு நின்றதால் தன் முகத்தைத் தானே மறைத்து அனுப்பியிருக்கிறான்.

அவனே ஒரு வழியையும் சொன்னான். அத்தை வீட்டு ஆல்பத்தில் அதே நாளில் எடுத்த இன்னொரு பிரிண்ட் இருந்தது. அதில் அதே தூண், அதே சட்டை, முகம் மட்டும் இடப்பக்கம் திரும்பியிருந்தது. அந்த முகத்தை வெட்டி இங்கே வைக்கலாம், வெளிச்சமும் ஒத்துப்போகும். ஆனால் இந்தப் படத்தில் தோள்கள் கேமராவை நேராகப் பார்க்கின்றன, தலை மட்டும் திரும்பினால் கழுத்து முறுக்கிக்கொண்டது போல இருந்தது. கடைசியில் பையன் நின்ற ஓரத்தை வெட்டிவிட்டு தாத்தா பாட்டி படத்தைத் தனியாகவும், அத்தை வீட்டுப் படத்தை எதையும் தொடாமல் பக்கத்திலும் பிரேம் போட முடிவெடுத்தார்கள். வெட்டிய பிறகு சுமார் 1400 பிக்சல் அகலம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பிரிண்ட்தான் கூர்மையாக வரும். சுவர் அளவுக்குப் பெரிதாக்கித் தர வேண்டாம் என்று சொன்னேன்.

இந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு நான் ஏற்காத வேலை ஒன்று உண்டு. ஒரு புகைப்படக்காரர் தன் படத்தின்மேல் போட்டிருக்கும் பெயரை நீக்கித் தருவது. செய்வது எளிது. ஆனால் உரிமையாளரை அடையாளம் காட்டும் தகவலை அனுமதியில்லாமல் தெரிந்தே நீக்குவது, இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 65பி பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2012 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு இது. அந்தப் பெயர் படத்தை எடுத்தவரின் கூலிக்கு அத்தாட்சி.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்தேன். புதுப்பித்த படத்தை, என்னிடம் வந்த படத்தின்மேல் அடுக்கி, Difference முறையில் வைத்தேன். இரண்டும் ஒன்றாக இருக்கிற இடம் கறுப்பாகும், மாறிய இடம் மட்டும் ஒளிரும். அடிப்பட்டை, சுவரின் எழுத்து, தோளின் கரை மூன்றும் ஒளிர்ந்தன. மற்ற இடமெல்லாம் கறுப்பு. படத்தைப் புதிதாக வரைந்து தரும் சில மென்பொருள்களில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஸ்டிக்கரை நீக்கச் சொன்னால் தொடாத இடத்தையும் சேர்த்துத் திரும்ப வரைந்திருக்கும், கண்ணோரத்துச் சுருக்கம், பற்களின் வடிவம் எல்லாம் மெல்ல மாறியிருக்கும். நிரப்பிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, மீதியைப் பழைய படத்திலிருந்தே வைத்துக்கொண்டால் இந்தச் சேதம் நேராது.

இத்தாலியில் சுவரோவியங்களைப் பழுதுபார்ப்பவர்கள், உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புகிற ஒரு முறையை வைத்திருக்கிறார்கள். தள்ளி நின்று பார்த்தால் ஓவியம் முழுமையாகத் தெரியும், கிட்டே போனால் எது பழையது எது புதியது என்று பிரித்துவிடலாம். போட்டோவில் கோடு போட முடியாது. அதனால் குடும்பத்துக்கு மூன்று கோப்புகள் கொடுத்தேன்: வந்தபடியே உள்ள படம், புதுப்பித்த படம், எங்கெங்கே கை வைத்தேன் என்று காட்டும் மாஸ்க். பிரிண்டின் பின்னால் பென்சிலால் எழுதியும் கொடுத்தேன்: அடிப்பட்டைக்குள் இருந்தது அசல், சுவரின் மேல்பகுதியும், கீழே எழுத்து இருந்த இடமும், இடது தோளின் கரையில் மூன்று முக்கோணமும் நிரப்பியவை, வலது ஓரம் வெட்டப்பட்டது.